ஒன்பது பதினாறுக்கு விற்றுவிட்டார்கள்

நூற்று அறுபத்து மூன்று ரூபாய்க்கு விற்றிருந்தார்கள். நாலாயிரம் பங்குகளையும் ஒரே மூச்சில், காலை ஒன்பது மணி பதினாறு நிமிடத்துக்கு. அன்றைக்கே பத்தரை மணிக்கு அதே பங்கு நூற்று எண்பத்து நான்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலே கொஞ்சம் பொறுத்திருந்தால் எண்பதாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சொன்னார் என்றால் சும்மா இல்லை. சாப்பிடும்போது, குளிக்கப் போகும்போது, வண்டியை உதைக்கும்போது, எதிர் வீட்டுக்காரர் "என்னா சார், சௌக்கியமா?" என்று கேட்கும்போதுகூட அதைத்தான் சொன்னார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. நான் மெட்ரிக் பள்ளியில் தமிழ் வாத்தியார். கூட்டல் கழித்தல் வரும். ஆனால் பணம் கட்டிய பிறகும் பணம் கட்டவில்லை என்று எப்படி விற்பார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அந்தப் பணம் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். கம்மாபுரம் பக்கம் எங்கள் அப்பாவுக்கு நிலம் இருந்தது. சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். என் தம்பி முணுமுணுத்துக்கொண்டேதான் என் பங்கைப் பிரித்துக் கொடுத்தான். அதில் ஆறு லட்சத்துக்கு ஒரு பெரிய வங்கியின் பங்குகளை வாங்கி என் பெயரில் போட்டேன். மிச்சத்தைச் சம்பளம் வருகிற கணக்கிலேயே விட்டுவைத்தேன். வீடு அவர் பெயரில். பீங்கான் பியூஸ் செய்கிற ஷெட்டின் குத்தகை அவர் பெயரில். வண்டி, காஸ் இணைப்பு, ரேஷன் கார்டின் முதல் வரி, எல்லாம் அவர்தான். என் பெயரில் இருந்தது அது ஒன்று. ஊர் இருந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம். பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் அந்தப் பங்குகள் இருக்கிற வரைக்கும் அப்பாவின் நிலம் ஏதோ ஒரு ரூபத்தில் இருக்கிறது என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு.

அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. "சும்மா கெடக்குது" என்பார். ஆறு லட்சம் சும்மா கிடக்கக் கூடாது, அதுவும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்சி.

ஜங்ஷன் ரோட்டில் மருந்துக் கடை மாடியில் ஒரு ஷேர் ஆபீஸ். சென்னையில் இருக்கிற தரகு நிறுவனத்துக்கு இங்கே ஏஜென்டாக ஒருவர் அதை நடத்துகிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு வந்து என் வீட்டுக்காரர் விளக்கினார்.

"நகைய அடகு வெச்சுப் பணம் வாங்கறோம்ல, அதே மாதிரிதான். ஒன் பேங்க் ஷேரு அடகுல இருக்கும். அத நம்பி அவங்க கடன் குடுப்பாங்க. அந்தக் கடன்ல வேற ஷேரு வாங்கிப் போடலாம். ஏறுனா வித்துட்டுக் கடன அடைச்சுடலாம். ஒன்னுது அப்படியே திரும்பி வந்துடும்."

"எறங்குனா?"

"எறங்காதுடி. டைல்ஸ் கம்பெனி. நம்ம தொழிலு. மண்ணு, சூளை, கிளேஸு, எது எனக்குத் தெரியாது?"

இருபத்தைந்து வருஷமாகப் பீங்கான் பியூஸ் செய்கிறவருக்கு டைல்ஸ் கம்பெனியின் பங்கும் தெரியும் என்று அவர் நினைத்தார். இந்தப் பீங்கான் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைப்பார்கள். அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஷெட்காரரும் கொஞ்சம் வாங்கினார். அடகு வைக்க என் சம்மதம் வேண்டும் என்று என் போனுக்கு ஓடிபி வந்தது. நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். "என்ன நம்பருன்னு பாத்துச் சொல்லு" என்றார். ஆறு எண்ணையும் படித்தேன். காஸ் சிலிண்டர்காரருக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெங்காயத்தைப் போட்டேன். கேட்டால், "நான் கேக்காமச் செஞ்சனா? நீதான படிச்சுக் காட்டுன?" என்பார். அதுவும் வாஸ்தவம்தான். எழவு, அங்கேதான் எனக்கு வாய் அடைத்துப்போகும்.

அந்த டைல்ஸ் பங்கு நாலாயிரத்தை இருநூற்று ஐம்பது ரூபாய் வீதம் வாங்கினார். ஒரு மாசம் ஏறியது. வீட்டுக்கு அல்வா வந்தது. அப்புறம் அந்தக் கம்பெனி லாபம் குறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியதும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நூற்று எண்பத்து எட்டில் வந்து நின்றது. ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. உங்கள் கணக்கில் ஒரு லட்சத்து ஆறாயிரம் ரூபாய் மார்ஜின் குறைகிறது, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குள் செலுத்தவும், தவறினால் பங்குகள் விற்கப்படும் என்று இருந்தது.

நான் அலறிவிட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நகை வெல எறங்குனா பேங்க்ல கூடக் கொஞ்சம் கட்டச் சொல்லுவான்ல, அதான். நாளைக்குப் போட்டுடறேன்" என்றார். மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானமே போட்டும்விட்டார். தரகு நிறுவனத்தின் கணக்கு எண்ணுக்கு, ஒரு ரூபாய் குறையாமல், தன் பியூஸ் கம்பெனியின் கரண்ட் அக்கவுண்டிலிருந்து. பணம் போனதற்கான ரசீதை எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார். "போட்டாச்சு. நிம்மதியா பாடம் நடத்து" என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்.

புதன்கிழமை பதினொன்றரை மணி இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்து மேசை டிராயரைத் திறந்தால் போனில் அவருடைய அழைப்புகள் பதினான்கு. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். திரும்பக் கூப்பிட்டேன்.

"வித்துட்டான்டி! எல்லாத்தயும் வித்துட்டான்!"

"யாரு? எத?"

"ஷேர! டைல்ஸ! பணம் கட்டியும் வித்துட்டான், கட்டையில போறவன்!"

பக்கத்தில் கணக்கு டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி என்னையே பார்த்தார். நான் போனை மூடிக்கொண்டு, "வூட்டுக்கு வந்து பேசிக்கலாங்க" என்றேன். அடுத்த பீரியடில் எட்டாம் வகுப்புக்கு என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

சாயந்திரம் இரண்டு பேரும் ஷேர் ஆபீஸ் மாடிக்குப் போனோம். அதை நடத்துகிறவருக்கு நாற்பது வயதிருக்கும், பொறுமைசாலி. அவருக்குப் பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் ஒருத்தி. என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சத்தம் போட்டார். அந்த மனிதர் முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், அக்கவுண்ட் மேடம் பேர்ல இருக்குது. பணம் உங்க கம்பெனி பேர்ல வந்துருக்குது. வேற ஆள் அக்கவுண்ட்லேருந்து வர்ற பணத்த நாங்க எடுக்கக் கூடாது, ரூல்ஸு. மேடமோட சொந்த அக்கவுண்ட்லேருந்து, இங்க பதிவு பண்ணியிருக்கறதுலேருந்து வந்தாத்தான் செல்லும். உங்க பணம் திரும்பி வந்துடும்."

"யோவ், வேற ஆளா? நான் இவ புருஷன்யா!"

"அது எனக்குத் தெரியுதுங்க சார். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரம், ஆனாலும் வந்துவிட்டது. அவர் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டேன். வண்டியில் திரும்பும்போது வழி நெடுக அவர், "வூட்டுப் பணம்தான, என் பணம் ஒன் பணம்னு இருக்குதா? கடன் கட்ட வந்தவன் பணத்த வேணாம்னு திருப்புற கடங்காரன இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் சம்பளம் அவர் கரண்ட் பில்லுக்குப் போயிருக்கிறது. அவர் சரக்கு விற்ற காசு என் பள்ளிக்கூடச் சேலைக்கு வந்திருக்கிறது. இது யாருடையது என்று எங்கள் வீட்டில் எந்த நோட்டுக்கட்டையும் யாரும் கேட்டதில்லை.

திரும்பிய பணம் சனிக்கிழமை அவருடைய கம்பெனிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. என் பணம் வரவில்லை. டைல்ஸ் விற்றதில் மூன்றரை லட்சம் நஷ்டம். கடனை நேர் செய்ய என் வங்கிப் பங்குகளில் பாதிக்கும் மேல் விற்றுக்கொண்டார்கள். கம்மாபுரத்து நிலத்தில் முன்பாதியைச் சுரங்கம் எடுத்தது, பின்பாதியை டைல்ஸ் எடுத்தது என்று நான் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

லெட்டர் போடலாம் என்ற யோசனையைக் கொடுத்ததே அந்த மாடி ஆபீஸ்காரர்தான். "ஹெட் ஆபீஸ்ல புகார் பாக்குற அதிகாரி இருக்காங்க. அவங்களுக்கு மேடம்தான் எழுதணும், மேடம்தான் கையெழுத்துப் போடணும். நீங்க எழுதுனா எடுக்க மாட்டாங்க சார்" என்றார். அப்படி எழுதியும் நியாயம் கிடைக்காவிட்டால் அதற்கு மேலே ஆன்லைனில் சமரசத்துக்குப் போக வழி இருக்கிறது என்றும் சொன்னார். தன் கம்பெனி மேல் புகார் கொடுக்கத் தானே வழி சொல்கிறாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்புக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுப்பவள் நான். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டால் ஐந்து மதிப்பெண். பொருளுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எதைப் பற்றிப் புகார்? விற்றது தப்பு என்றா, விற்ற விலை தப்பு என்றா? இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் இரண்டும் வேறு வேறாக இருந்தன. விற்றது சரியாகவே இருக்கலாம், விலை தப்பாக இருக்கலாம். விலை சரியாக இருந்து விற்றது தப்பாகவும் இருக்கலாம்.

முதலில் எழுதியது மூன்று பக்கம். அப்பா கிணறு வெட்டியதில் ஆரம்பித்திருந்தேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "இது லெட்டரா, ஒப்பாரியா? கெணத்துக்கும் மார்ஜினுக்கும் என்னாடி சம்பந்தம்?" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நீங்களே எழுதுங்க, பாப்போம்" என்று காகிதத்தைத் தள்ளினேன். அவரால் முடியாது என்று அவருக்குத் தெரியும். சத்தமில்லாமல் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். இருபத்து நாலு வருஷத்தில் அவர் போட்டுக் கொடுத்த மூன்றாவது டீயோ நான்காவது டீயோ அது. சர்க்கரை அதிகம். குடித்தேன்.

இரண்டாவது முறை எழுதியது ஒன்றே கால் பக்கம். மூன்று கேள்விகள். முதல் கேள்வி, நீங்கள் சொன்ன கெடுவுக்கு முந்தின நாளே முழுப் பணமும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருக்க, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஏன்? இரண்டாவது, குறைந்தது ஒரு லட்சத்து ஆறாயிரம்தான், பாதிப் பங்குகளை விற்றாலே குறை தீர்ந்திருக்கும் என்று சொல்கிறார்கள், நாலாயிரத்தையும் விற்றது ஏன்? மூன்றாவது, சந்தை திறந்த முதல் நிமிடத்தில், வாங்க ஆள் குறைவாக இருந்த நேரத்தில், இன்ன விலைக்குக் கீழே விற்காதே என்ற வரம்பு கூட வைக்காமல் மொத்தமாகத் தள்ளியது ஏன்? எந்த நேரத்தில், என்ன விலைக்கு, எத்தனை எத்தனையாக விற்றீர்கள் என்ற பட்டியலை அனுப்பவும்.

மூன்றாவது கேள்வியில் எனக்குப் பெருமை. அந்த மாடி ஆபீஸ்காரரிடம் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டு எழுதியது. விலை சொல்லாமல் விற்கச் சொன்னால் வாங்குகிறவன் அந்த நேரத்தில் எந்த விலைக்கு நிற்கிறானோ அந்த விலைக்குப் போய்விடும். விலை சொல்லி விற்கச் சொன்னால் அதற்கு ஆள் வந்தால்தான் விற்கும், வராவிட்டால் நிற்கும். சந்தைக்குப் போய் மணிலாக் கடலையை மூட்டையோடு கொட்டிவிட்டு வருகிறவனுக்கும் விலை படியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அது யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக வந்தது. "கணக்கு என் பெயரில் இருந்தும், பங்குகள் என்னுடையவையாக இருந்தும், விற்பதற்கு முன்பு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை."

படித்துவிட்டு அவர், "இதாண்டி வரி. இந்த ஒரு வரியிலயே அவன் மாட்டுனான்" என்றார். எனக்கு அந்த வரியில் கண் கலங்கிவிட்டது. அதை எழுதும்போது சென்னைத் தரகரை மட்டுமா நினைத்தேன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்று அப்பா சொன்னபோதும் யாரும் கேட்கவில்லை. அம்மா சண்டை போட்டுத்தான் மேலே படித்தேன். பெண் பார்க்க வந்தபோதும் கேட்கவில்லை. அடகு வைத்தபோது எண்ணைத்தான் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. அத்தனையையும் சேர்த்து அந்தக் கடிதத்தின் அடியில் கையெழுத்தாகப் போட்டேன். ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினோம். பதிவுத் தபாலிலும் ஒன்று போனது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. என்னுடையதைவிட நல்ல கடிதம். அதுதான் எனக்கு முதலில் எரிச்சல். ஒரு இடத்தில்கூடக் கோபப்படாமல், கேள்விக்குக் கேள்வி எண் போட்டுப் பதில் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நபர் கணக்கிலிருந்து வந்த பணத்தை விதிப்படி ஏற்க இயலாது. குறை தீராதபோது பங்குகளில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விற்க உரிமை உண்டு என்று கணக்குத் தொடங்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. விலை சந்தையில் அந்த நேரத்தில் கிடைத்த விலை. பட்டியல் இணைப்பில்.

பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். நாலாயிரம் பங்கும் பதினொரு துண்டாக விற்றிருக்கிறது. முதல் துண்டு நூற்று அறுபத்தெட்டு. அப்புறம் நூற்று அறுபத்தாறு, அறுபத்தைந்து என்று படிப்படியாக இறங்கிக் கடைசித் துண்டு நூற்று ஐம்பத்தெட்டு. எல்லாம் எட்டு விநாடிக்குள். அப்பா வெட்டிய கிணற்றுக்கே இரண்டு கோடை பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன். விலை விஷயத்தில் நான் கேட்டது நியாயம்தான் என்று அந்தப் பட்டியலைப் பார்த்ததும் தோன்றியது. கொஞ்சம் கொஞ்சமாக விற்றிருந்தால் வாங்குகிறவர்கள் வந்திருப்பார்கள். ஆனால் வரம்பு வைத்து, விற்காமல் நின்று, விலை இன்னும் இறங்கியிருந்தால்? அப்போது ஏன் உடனே விற்கவில்லை என்றுதானே எழுதியிருப்பேன்? எது நியாயம் என்று பிடிபடவில்லை.

கடிதத்தின் கடைசிப் பத்திதான் எங்களைக் குழப்பியது. "விற்பதற்கு முன் தங்களைக் கேட்கவில்லை என்ற கூற்றை மறுக்கிறோம். அன்று காலை எங்கள் கிளையிலிருந்து தங்களைத் தொலைபேசியில் தொடர்புகொண்டோம். உரையாடல் பதிவு செய்யப்பட்டுள்ளது. கிளைக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம்."

"பொய்யி! ஒனக்கு யாரு போன் பண்ணா?"

"யாரும் பண்ணலிங்க."

சத்தியமாக எனக்கு அப்படித்தான் நினைவு. அந்த ஆபீஸ் பெண் அடிக்கடி கூப்பிடுவாள், அது உண்மை. அவர் எதையாவது வாங்கினால் விற்றால், "மேடம், உங்க அக்கவுண்ட்ல இன்னிக்கு இந்த மாதிரி நடந்திருக்குது, சரிங்களா?" என்பாள். நான் "சரிங்க" என்பேன். வகுப்பில் பிள்ளைகள் "பிரசன்ட் மிஸ்" என்று சொல்வதுபோல அவ்வளவுதான். ஆனால் விற்கிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் மறப்பேனா?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் போனோம். அந்தப் பெண் எழுந்து நாற்காலி போட்டாள். அவள் முகத்தில் ஏனோ வருத்தம் இருந்தது. கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்து, ஒலியைக் கூட்டி வைத்தாள். தேதி, நேரம் ஓடியது. காலை ஒன்பது ஐந்து. முதலில் அவள் குரல்.

"மேடம், குட்மார்னிங், ஷேர் ஆபீஸ்லேருந்து பேசறேன். நேத்து வந்த பணம் உங்க அக்கவுண்ட்லேருந்து வரலைங்க, அதனால ஏத்துக்கல. ஒன்பதே காலுக்கு மார்க்கெட் தொறந்ததும் ஹெட் ஆபீஸ்ல டைல்ஸ் ஷேர வித்துடுவாங்க. உங்க சொந்த அக்கவுண்ட்லேருந்து இப்பவே போட்டீங்கன்னா நான் சொல்லி நிறுத்தறேன். போடறீங்களா மேடம்?"

பின்னால் பள்ளிக்கூட மணி. ஒலிபெருக்கியில் யாரோ "அட்டென்ஷன்" என்கிறார்கள். அப்புறம் ஒரு பெண் குரல். எவ்வளவு பணிவு, எவ்வளவு இனிமை. அது யார் என்று ஒரு விநாடி எனக்குப் பிடிபடவில்லை.

"ஐயோ, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா. பிரேயர் ஆரம்பிச்சுடுச்சு. சார்கிட்டப் பேசிக்கோ."

"சார் போன எடுக்கலைங்க மேடம். அக்கவுண்ட் உங்களுது, நீங்கதான் சொல்லணும்."

"உனக்கு எது சரின்னு படுதோ அப்படியே செஞ்சுடும்மா. எப்பவும் அப்படித்தான? சரியா? வெச்சுடறேன்."

அவ்வளவுதான். முப்பத்தெட்டு விநாடி.

காலை ஒன்பது ஐந்துக்கு அவர் சூளைப் பக்கம் நின்றிருப்பார். அங்கே போனைக் கொண்டுபோக மாட்டார். என் சம்பளக் கணக்கில் அன்றைக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் இருந்தது. அதில்தான் மிச்ச நஷ்டஈடும் கிடந்தது. போனில் நான்கு தட்டுத் தட்டினால் போயிருக்கும். பிரேயருக்கு இரண்டு நிமிடம் பிந்திப் போயிருந்தால் முதல்வர் முறைத்திருப்பார், அவ்வளவுதான்.

அந்தப் பெண், "நான் இன்னொரு தடவ கூப்புட்டிருக்கணும் மேடம். எனக்கு அன்னிக்கு ஒம்பது பேருக்கு போன் பண்ண வேண்டியிருந்துச்சு" என்றாள். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "இல்லம்மா, நீ கேட்டுட்ட" என்றேன். கத்தித் தீர்க்க வந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாசமாகத் தரகனைத் திட்டியவர், அங்கே என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் டைல்ஸை இழுத்துச் சண்டை போட்டிருப்பேன்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் நின்றார். கீழே மருந்துக் கடையில் கூட்டம்.

"ஆன்லைன்ல மேல போலாம்னு சொன்னாங்களே. போடலாமா, வேணாமா? நீயே சொல்லு" என்றார்.

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், உங்களுக்கு எது சரின்னு படுதோ என்று என் வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. என்ன சொல்வது என்று அந்தப் படியில் நின்று யோசித்தேன். மேலே வருகிற ஒருவர் வழி கேட்டார், ஒதுங்கிக்கொண்டோம். பட்டியலில் இருந்த நூற்று ஐம்பத்தெட்டு ஞாபகத்துக்கு வந்தது. எட்டு விநாடியில் அப்படித் தள்ளியதற்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

"போடலாங்க. வெலய மட்டும் கேப்போம். ஏன் மொத்தமாத் தள்ளுனீங்க, ஏன் அந்த வெலைக்குன்னு."

"சரி."

"என்ன யாரும் கேக்கலன்னு எழுதுனேன்ல, அந்த வரிய எடுத்துடறேன்."

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "அந்த வரிதாண்டி நம்ம கேஸே."

"தெரியுங்க" என்றேன்.